தாளின் கறுப்பு எவ்வளவு கறுப்பு? போட்டோ புத்தகம் அச்சிடும் முன் திரையில் ஓர் ஒத்திகை

முதன்முதலாக நான் அச்சிட்ட போட்டோ புத்தகம் கைக்கு வந்தபோது, யாரோ எல்லாப் படங்களின் மேலும் மெல்லிய சாம்பலைத் தூவியதுபோல் இருந்தது. திரையில் பளிச்சென்று இருந்த மாலை வானம் செங்கல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. கூர்மையாகத் தெரிந்த முகங்கள் லேசாகக் கரைந்திருந்தன. அச்சகத்தைத்தான் திட்டினேன். பிறகு புரிந்தது, அச்சகம் ஒரு தவறும் செய்யவில்லை. சொரசொரப்பான, பூச்சில்லாத அழகான தாளை ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்தது நான்தான். அந்தத் தாள் என் படங்களை என்ன செய்யும் என்று முன்கூட்டிப் பார்க்காததும் நான்தான்.

அப்படி முன்கூட்டிப் பார்ப்பதற்குப் பெயர்தான் சாஃப்ட் ப்ரூஃபிங். ஒரு குறிப்பிட்ட தாளில், ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தில் அச்சானால் படம் எப்படி இருக்கும் என்பதைத் திரையிலேயே போட்டுப் பார்க்கும் ஒத்திகை. இது வண்ணத்துக்கான விஷயம் என்று பலரும் நினைக்கிறார்கள். வண்ணத்துக்கும்தான். ஆனால் புதிதாகத் தொடங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது வண்ணத்தை அல்ல, கறுப்பை. படம் பளிச்சென்று தெரிவதும் கூர்மையாகத் தெரிவதும் பெரும்பாலும் அந்தத் தாளின் கறுப்பை நம்பித்தான் இருக்கின்றன.

கறுப்பு எங்கே போகிறது

திரை தானே ஒளியை உமிழ்கிறது. தாள் தன் மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. தாளில் வெள்ளை என்பது வெறும் தாள்தான். அது விழுந்த ஒளியில் தொண்ணூறு சதவீதத்துக்கு அருகில் திருப்பி அனுப்பும். அதற்கு மேல் வெள்ளை கிடையாது, எந்த மையாலும் தாளைத் தாளைவிட வெள்ளையாக்க முடியாது. ஆகவே ஒரு படத்தில் ஒளிக்கும் இருளுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கூட்ட வேண்டுமென்றால் ஒரே வழிதான் இருக்கிறது: கறுப்பு இன்னும் கறுப்பாக வேண்டும்.

இங்கேதான் தாளுக்குத் தாள் வித்தியாசம் வருகிறது. நல்ல கிளாஸி போட்டோ தாளில் அடர் கறுப்பு, விழுந்த ஒளியில் அரை சதவீதம் அளவுக்குத்தான் திருப்பி அனுப்பும். நல்ல மேட் தாளில் அது இரண்டு, இரண்டரை சதவீதம். பூச்சே இல்லாத, புத்தகத்தாள் போன்ற தாளில் ஐந்து, ஆறு சதவீதம் வரை போகும். எண்ணிக்கையில் சின்ன வித்தியாசம் போலத் தெரியும். வெள்ளையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிளாஸியில் வெள்ளை கறுப்பைவிட ஏறக்குறைய 180 மடங்கு வெளிச்சம். மேட்டில் 40 மடங்கு. பூச்சில்லாத தாளில் பதினைந்து மடங்கைச் சுற்றி. சாதாரணக் கணினித் திரையில் இது ஆயிரம் மடங்கு.

ஆயிரம் படிகள் கொண்ட மாடியை பதினைந்து படிகளுக்குள் மடக்கினால் என்ன ஆகும்? படிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதிலும் இருட்டுப் பகுதியில் உள்ள படிகள்தான் முதலில் ஒட்டும். கறுப்பு முடிக்கும் கறுப்புச் சட்டைக்கும் இடையே இருந்த கோடு காணாமல் போவது இதனால்தான்.

தாளுக்கு ஏன் இந்த வித்தியாசம்? மழமழப்பான பரப்பு கண்ணாடி போல வேலை செய்கிறது. மேலே விழும் ஒளியில் ஒரு சிறு பங்கு பரப்பிலேயே பட்டுத் திரும்பும், ஆனால் ஒரே திசையில் திரும்பும். புத்தகத்தைக் கொஞ்சம் சாய்த்தால் அந்தப் பளபளப்பு கண்ணைவிட்டு விலகிவிடும், உள்ளே உள்ள ஆழ்ந்த கறுப்பு தெரியும். மேட் பரப்பு அதே ஒளியை எல்லாப் பக்கமும் சிதறவிடுகிறது. எப்படிச் சாய்த்தாலும் அதில் கொஞ்சம் கண்ணுக்கு வந்துகொண்டே இருக்கும். கறுப்பின் மேல் எப்போதும் ஒரு வெள்ளைத் திரை. பூச்சில்லாத தாளில் இதோடு மையும் நார்களுக்குள் இறங்கிவிடுகிறது, பரப்பில் அடர்த்தியாக நிற்பதில்லை.

கூர்மையும் இதே காரணத்தால் குறைகிறது. ஒரு படத்தைக் கூர்மையானது என்று கண் முடிவு செய்வது, விளிம்பில் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் இருட்டும் எவ்வளவு திடீரென்று மாறுகின்றன என்பதை வைத்துத்தான். கறுப்பு சாம்பலானால் அந்த மாற்றத்தின் உயரம் குறைகிறது. கண்ணிமை முடி ஒவ்வொன்றும் அச்சில் இருக்கும், ஆனாலும் மங்கலாகத் தோன்றும். போதாக்குறைக்கு, மை புள்ளிகளாக விழும் அச்சுமுறையில் ஒவ்வொரு புள்ளியும் தாளில் கொஞ்சம் பருக்கும். டாட் கெயின் என்பது இதுதான். பூச்சுள்ள தாளில் குறைவாகவும் பூச்சில்லாததில் அதிகமாகவும் பருக்கும். பருத்தால் நடுத்தர நிறங்கள் இருண்டுபோகும், நுண்ணிய கோடுகள் தடிக்கும். பருக்கும் என்று தெரிந்தே அதற்கு ஏற்ப ஈடுசெய்துதான் அச்சகங்கள் அச்சிடுகின்றன. நடுநிறத்தின் வெளிச்சத்தை அப்படி மீட்டுவிடலாம். தடித்த கோட்டை மெல்லியதாக்க முடியாது.

எந்தத் தாள்

ஆகவே தாளைத் தேர்ந்தெடுக்கும்போது மாதிரித் தாளைத் தடவிப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். புத்தகத்தில் வரப்போகும் படங்களில் மிக இருட்டான ஐந்து படங்களை எடுத்துத் தனியாக வையுங்கள். அந்த ஐந்தும் எந்தத் தாளில் தாக்குப்பிடிக்குமோ அதுதான் புத்தகத்துக்குத் தாள். பகல் வெளிச்சத்தில் எடுத்த, வெளிர் நிறப் படங்கள் எந்தத் தாளிலும் பிழைத்துக்கொள்ளும். பனிமூட்டம், குழந்தைகள், வெள்ளைச் சுவர், இவையெல்லாம் மேட்டில் இன்னும் அழகாகக்கூட இருக்கும். இரவுப் படம், மேடை நிகழ்ச்சி, காடு, அடர்நிறப் பட்டு, இவைதான் கறுப்பைக் கேட்கும்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் கிளாஸி என்று போய்விடலாமே? போகலாம், ஆனால் புத்தகம் சட்டகத்தில் மாட்டிய படம் அல்ல. பக்கம் முதுகுப் பக்கமாக வளைந்து இறங்குகிறது. அந்த வளைவில் எங்காவது ஓரிடத்தில் ஜன்னலோ விளக்கோ பட்டுத் தெறித்துக்கொண்டே இருக்கும். புத்தகத்தை எப்படித் திருப்பினாலும் தெறிப்பு இடம் மாறுமே தவிர மறையாது. விரல் ரேகை வேறு. என் விருப்பம் இரண்டுக்கும் நடுவே உள்ள தாள்: பூச்சுள்ள, ஆனால் பளபளப்பைக் கொஞ்சம் அடக்கிய வகை. இதை செமி கிளாஸ், சில்க், சாட்டின், லஸ்டர் என்று ஆளுக்கொரு பெயரில் விற்கிறார்கள். கறுப்பு கிளாஸிக்கு அருகில் வரும், தெறிப்பு குறையும். முதல் புத்தகம் போடுபவர் வேறெதையும் யோசிக்காமல் இதை எடுத்தால் பெரிதாகத் தவறு நடக்காது.

இன்னொரு கேள்வியையும் அச்சகத்திடம் கேட்க வேண்டும்: உண்மையான போட்டோ தாளில் ஒளிபட்டு உருவாகும் அச்சா, இல்லை மை அல்லது டோனரால் அச்சடிப்பதா? முதல் வகையில் புள்ளிகளே இல்லை, நிறம் தொடர்ச்சியாக மாறும். பக்கங்களை முதுகோடு முதுகு ஒட்டித் தடித்த அட்டையாக்குவதால் புத்தகம் தட்டையாக விரியும், இரண்டு பக்கத்தில் பரவும் படம் நடுவில் விழுங்கப்படாது. இரண்டாம் வகையில் பக்கங்கள் மெல்லியவை, நிறையப் பக்கங்கள் வைக்கலாம், எழுத்துகள் மிகத் தெளிவாக வரும். அதில் தாளின் எடையைப் பாருங்கள். 170 முதல் 200 ஜிஎஸ்எம் வரை உள்ள தாளில் பின்பக்கப் படம் ஊடே தெரியாது. 120க்குக் கீழே போனால், இந்தப் பக்கத்து வெள்ளை வானத்தில் அந்தப் பக்கத்து மரம் நிழலாடும்.

மிக வெள்ளையாகத் தெரியும் தாள்களைப் பற்றி ஒரு வார்த்தை. பல தாள்களில் புற ஊதாக் கதிரை நீலநிற ஒளியாக மாற்றும் வேதிப்பொருள் சேர்க்கிறார்கள், சலவைப் பொடியில் சேர்ப்பதுபோல. பகல் வெளிச்சத்தில் தாள் பளீரென்று இருக்கும். புற ஊதா குறைவாக உள்ள விளக்கின் கீழ் அந்தப் பளீர் இருக்காது. வருடங்கள் போகப் போக அந்தப் பொருளின் சக்தி குறைந்து தாள் தன் இயல்பான மஞ்சளுக்குத் திரும்பும். இதற்காகப் பயப்பட வேண்டாம், புத்தகம் மூடியே இருப்பதால் சுவர்ப் படத்தைவிட நன்றாகத் தாங்கும்.

திரையை முதலில் அடக்க வேண்டும்

சாஃப்ட் ப்ரூஃப் என்பது திரையில் பார்க்கும் விஷயம். திரையே பொய் சொன்னால் ஒத்திகையும் பொய். அச்சு இருண்டு வந்துவிட்டது என்ற புகார்தான் எல்லாப் புகார்களிலும் அதிகம். பாதிக்கு மேல் அதற்குக் காரணம் தாளோ மையோ அல்ல, திரையின் வெளிச்சம். திரையின் வெளிச்சத்தை நிட் என்ற அலகில் அளக்கிறார்கள். கடையிலிருந்து வரும் திரைகள் 250, 300 நிட் என்று கொளுத்திக்கொண்டு இருக்கும். அச்சுக்குப் படம் திருத்துபவர்கள் 80 முதல் 120 நிட் வரை வைக்கிறார்கள். கொளுத்தும் திரையில் படம் வெளிச்சமாகத் தெரிவதால், நம்மை அறியாமலே படத்தை இருட்டாகத் திருத்திவிடுகிறோம்.

திரையை அளக்கும் கருவி இருந்தால் அதை வைத்து அளவிடுங்கள், நிறமும் சேர்ந்து சரியாகும். இல்லாவிட்டால் ஒரு எளிய வழி உண்டு. திரை முழுவதும் வெள்ளையாக ஒரு வெற்று ஆவணத்தைத் திறந்து, புத்தகத்தை வழக்கமாக எந்த வெளிச்சத்தில் பார்ப்பீர்களோ அந்த வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரை விளக்குபோலத் தெரிந்தால் வெளிச்சத்தைக் குறையுங்கள். தாளும் திரையும் ஏறக்குறைய ஒரே வெள்ளையாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். முதல் பத்து நிமிடம் திரை செத்துப்போனதுபோல இருக்கும். கண் பழகிவிடும். இரவுக்கேற்ப மஞ்சளாகும் வசதி, சுற்று வெளிச்சத்துக்கேற்பத் தானாக மாறும் வசதி, இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

ஒத்திகை

தாளும் இயந்திரமும் சேர்ந்து நிறங்களை எப்படிக் காட்டும் என்பதை ஒரு சிறிய கோப்பில் எழுதி வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் ஐசிசி ப்ரொஃபைல், `.icc` அல்லது `.icm` என்று முடியும். நீங்கள் தேர்ந்தெடுத்த தாளுக்கான ப்ரொஃபைலை அச்சகத்திடமே கேட்டு வாங்க வேண்டும். அதே இயந்திரத்தில் மேட்டுக்கு ஒன்று, கிளாஸிக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். அதனால்தான் தாளை முடிவு செய்யாமல் இந்த வேலையைத் தொடங்க முடியாது.

சில அச்சகங்கள் ப்ரொஃபைல் தருவதில்லை, படத்தை `sRGB` என்ற பொது நிற அமைப்பில் அனுப்புங்கள் என்று மட்டும் சொல்வார்கள். அப்போது மையால் அச்சடிக்கும் புத்தகத்துக்கு, போட்டோஷாப்போடு வரும் பொது ப்ரொஃபைல்களை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். பூச்சுள்ள தாளுக்கு `Coated FOGRA39`, பூச்சில்லாததற்கு `Uncoated FOGRA29`. இவற்றைப் பார்ப்பதற்கு மட்டுமே பயன்படுத்துங்கள். படத்தை இந்த ப்ரொஃபைலுக்கு மாற்றி அனுப்பிவிடாதீர்கள், அச்சகம் கேட்ட வடிவத்திலேயே அனுப்புங்கள்.

போட்டோஷாப்பில் `View > Proof Setup > Custom` என்று போனால் ஒரு சிறு பெட்டி திறக்கும். `Device to Simulate` என்ற இடத்தில் தாளின் ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள். `Preserve Numbers` என்பதில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நிறமாற்றம் செய்யாமல் நேரடியாக அனுப்பினால் வரும் கோரத்தைக் காட்டும். `Black Point Compensation` குறியோடு இருக்கட்டும். படத்தின் கறுப்பைத் தாளின் கறுப்போடு பொருத்தி நடுவில் உள்ளவற்றைப் பங்கிடுவது அதுதான். அது இல்லாவிட்டால் இருட்டுப் பகுதி முழுவதும் ஒரே கறுப்பாக அடைத்துக்கொள்ளும். லைட்ரூம் கிளாசிக்கில் இன்னும் எளிது: Develop பகுதியில் `S` விசையை அழுத்தினால் போதும், படத்தைச் சுற்றிய பின்னணி தாள் போல வெள்ளையாகும், வலப்பக்கம் ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுக்கலாம். கிம்ப், டார்க்டேபிள் போன்ற இலவச மென்பொருள்களிலும் இந்த வசதி இருக்கிறது.

`Rendering Intent` என்றொரு தேர்வு வரும். இது ஆரம்பத்தில் எல்லோரையும் குழப்பும். விஷயம் இதுதான்: தாளால் காட்ட முடியாத நிறங்களை என்ன செய்வது? `Relative Colorimetric` என்றால், காட்ட முடிந்த நிறங்களைத் தொடாமல் விட்டு, முடியாதவற்றை மட்டும் எல்லைக்குள் தள்ளிவிடும். `Perceptual` என்றால், எல்லா நிறங்களையும் கொஞ்சம் கொஞ்சம் நெருக்கி இடம் பண்ணும், பேருந்தில் எல்லோரும் தள்ளி உட்கார்ந்து ஒருவருக்கு இடம் கொடுப்பதுபோல. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்த்து எது நன்றாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கோப்பை அச்சகம்தான் மாற்றப்போகிறது என்றால் அவர்கள் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டு அதையே வையுங்கள். உங்கள் திரையில் ஒன்று, அவர்கள் இயந்திரத்தில் வேறொன்று என்றால் ஒத்திகைக்கு அர்த்தமில்லை.

இவ்வளவும் செய்த பிறகு பார்த்தால் படம் அப்படி ஒன்றும் மாறியிருக்காது. பலர் இங்கேயே திருப்தியாகி மூடிவிடுகிறார்கள். ஏனென்றால் இந்த நிலையில் மென்பொருள் தாளின் கறுப்பைத் திரையின் கறுப்பாகவும் தாளின் வெள்ளையைத் திரையின் வெள்ளையாகவும்தான் காட்டிக்கொண்டிருக்கிறது. நிறமாற்றம் மட்டும் தெரியும், சாம்பல் தெரியாது. அதைப் பார்க்க `Simulate Paper Color` என்பதைக் குறியிட வேண்டும், `Simulate Black Ink` தானாகச் சேர்ந்துகொள்ளும். லைட்ரூமில் இதன் பெயர் `Simulate Paper & Ink`.

குறியிட்டதும் படம் உயிர் போனதுபோல ஆகிவிடும். முதல் தடவை பார்ப்பவர் பதறிப்போய்க் குறியை எடுத்துவிடுவார். எடுக்காதீர்கள். அந்தக் கணத்தில் திரையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், ஒரு நிமிடம் கழித்துத் திரும்புங்கள். வெளிச்சமான படம் மங்குவதைக் கண் நேரில் பார்த்தால் அந்த வித்தியாசமே மனதில் நிற்கும். அப்புறம் மென்பொருளின் வெள்ளைப் பெட்டிகளையெல்லாம் மறைத்துப் படத்தை முழுத்திரையில் வையுங்கள். பக்கத்தில் திரையின் பளீர் வெள்ளை இருந்தால், தாளின் வெள்ளை அழுக்காகத் தெரியும். இப்போது கொஞ்ச நேரம் பார்த்தால் கண் அந்தத் தாளுக்குப் பழகும். அப்படிப் பழகிய பிறகும் எது மங்கலாக, எது அடைத்துப்போய்த் தெரிகிறதோ அதுதான் உண்மையில் திருத்த வேண்டியது.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம்

மலைமேல் மாலை. பின்னால் நீலக்கறுப்பு மலைகள், அவற்றுக்கு மேல் ஆரஞ்சு நிற வானத்தில் மெல்லிய மேகக் கீற்றுகள். முன்னால் கறுப்பு மேலங்கி அணிந்த ஒருவர், கறுப்பு முடி. புத்தகத்தின் பக்கம் 30 × 20 சென்டிமீட்டர், தாள் மேட். நான் உண்மையில் மாட்டிக்கொண்ட படம் இது.

முதலில் அசல் படத்தில் ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். ஒத்திகைக்காகச் செய்யும் திருத்தம் அந்தத் தாளுக்கு மட்டுமே பொருந்தும், அசலில் செய்துவிட்டால் நாளைக்கு வேறு தாளில் போட முடியாது. லைட்ரூமில் `Create Proof Copy` என்று இதற்கே ஒரு பொத்தான் உண்டு. அப்புறம் அசலைத் திரையின் ஒரு பாதியிலும் நகலை மறுபாதியிலும் வைத்து, நகலில் மட்டும் ஒத்திகையைப் போட்டேன்.

தெரிந்தது இரண்டு குறைகள். மேலங்கியின் மடிப்புகள் காணாமல்போய் அது ஒரு கறுப்பு ஓட்டையாகிவிட்டது, முடியோடு ஒட்டிக்கொண்டது. அசலில் மேலங்கியின் எண்கள் 8க்கும் 14க்கும் இடையே, முடி 12க்கும் 18க்கும் இடையே இருந்தன, 0 முதல் 255 வரையுள்ள அளவில். திரையில் அந்தச் சிறு வித்தியாசம் தெரிந்தது, தாளால் அதைச் சொல்ல முடியவில்லை. இரண்டாவது, ஆரஞ்சு வானத்தில் மேகக் கீற்றுகள் மறைந்து ஒரே ஆரஞ்சுப் பட்டையாகிவிட்டது.

இருட்டைச் சரிசெய்ய எல்லாவற்றையும் வெளிச்சமாக்கக் கூடாது. அப்படிச் செய்தால் கறுப்பு இன்னும் சாம்பலாகும். கறுப்பின் அடிமுனையை 0 என்ற இடத்திலேயே கட்டிப்போட்டுவிட்டு, அதற்குச் சற்று மேலே உள்ளதை மட்டும் தூக்க வேண்டும். `Curves` கோட்டில் 15 என்ற இடத்தை 28க்குத் தூக்கினேன், 60ஐ 75க்கு, நடுவில் 128ஐ 136க்கு. மேல்முனையைத் தொடவில்லை. மடிப்புகள் திரும்பின, முடியின் விளிம்பும் பிரிந்தது. அடிக்கறுப்பு இன்னும் அங்கேயே இருப்பதால் படம் சோர்ந்துபோகவில்லை.

ஆரஞ்சு விஷயத்தில் பலரும் தலைகீழாகச் செய்வார்கள், நானும் செய்திருக்கிறேன். மங்கிவிட்டதே என்று நிறச்செறிவைக் கூட்டுவது. தாளால் காட்ட முடிந்த எல்லையை ஏற்கெனவே தொட்டுவிட்ட நிறம் அது. கூட்டக் கூட்ட இன்னும் பல சாயல்கள் அதே சுவரில் போய் மோதி ஒன்றாகும், பட்டை இன்னும் தட்டையாகும். குறைக்கத்தான் வேண்டும். ஆரஞ்சின் செறிவை 15 குறைத்து, வெளிச்சத்தையும் 10 குறைத்தபோது மேகக் கீற்றுகள் வெளியே வந்தன. நிறம் கொஞ்சம் அடங்கியதே என்றால், ஆம், அடங்கியது. ஆனால் அதற்குள் சாயல்கள் வந்துவிட்டதால் கண்ணுக்கு முன்பைவிட நிறைவாகத் தெரிந்தது. கூடவே பக்கத்து மலைகளின் நீலத்தைக் கொஞ்சம் இருட்டாக்கினேன். பளிச்சென்று தெரிவது எப்போதும் பக்கத்தில் இருப்பதை வைத்துத்தான்.

எல்லை தாண்டிய நிறங்களைச் சாம்பல் பூச்சால் காட்டும் `Gamut Warning` வசதியை நான் அதிகம் நம்புவதில்லை. எவ்வளவு தாண்டியிருக்கிறது என்று அது சொல்லாது. மயிரிழை தாண்டியதற்கும் முழம் தாண்டியதற்கும் ஒரே பூச்சுதான். பூச்சைப் போக்குவதையே வேலையாகக் கொண்டால் படம் வெளிறிப்போகும். சாயல்கள் அழிந்திருக்கின்றனவா என்று கண்ணால் பார்ப்பதே சரி.

இதே படத்தைப் பக்கத்தில் எப்படி வைப்பது என்பதிலும் கொஞ்சம் லாபம் இருக்கிறது. சுற்றிலும் வெள்ளை ஓரம் விட்டால், கண் அந்தத் தாளின் வெள்ளையோடு படத்தை ஒப்பிட்டு இருட்டு என்று சொல்லும். பக்கம் முழுக்கப் பரவவிட்டால் படத்தில் உள்ள மிக வெளிச்சமான இடமே கண்ணுக்கு வெள்ளையாகிவிடும். இருட்டுப் படங்களை நான் பக்கம் முழுக்கத்தான் போடுகிறேன்.

ஒத்திகை காட்டாத ஒன்று

கூர்மையைப் பற்றி சாஃப்ட் ப்ரூஃப் வாயே திறக்காது. நிறத்தையும் வெளிச்சத்தையும் மட்டுமே அது காட்டும். புள்ளி பருப்பதோ மை நாரில் இறங்குவதோ திரையில் வராது. ஆகவே அதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கணக்கு சின்னது. அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்தால் நல்லது. 30 சென்டிமீட்டர் என்பது 11.8 அங்குலம், ஆகவே 3,543 பிக்சல் வேண்டும். 6,000 பிக்சல் அகலமுள்ள கேமரா படத்துக்கு இது சாதாரணம். அதே படத்தை இரண்டு பக்கமும் பரவும்படி 60 சென்டிமீட்டருக்கு விரித்தாலும் அங்குலத்துக்கு 254 வரும், கவலையில்லை. ஆனால் படத்தில் பாதியை வெட்டி எறிந்துவிட்டு மீதி 3,000 பிக்சலை 60 சென்டிமீட்டருக்கு இழுத்தால் 127தான். எந்தத் தாளும் அதைக் காப்பாற்றாது. செயலி வழியாக அனுப்பிச் சுருங்கிப்போன படங்களும் இப்படித்தான் மாட்டும், அசல் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

பிக்சல் போதுமென்றால், அச்சுக்கான கூர்மையாக்கத்தைக் கடைசி வேலையாக, படத்தைப் பக்கத்தின் அளவுக்குக் கொண்டுவந்த பிறகு செய்ய வேண்டும். லைட்ரூமில் படத்தை வெளியே எடுக்கும்போது `Sharpen For` என்ற இடத்தில் `Matte Paper`, `Glossy Paper` என்று தனித்தனியாக இருப்பது இதற்காகத்தான். மேட்டுக்கு அதிகம் கூர்மையாக்கும், ஏனென்றால் தாள் அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும்.

அப்படிக் கூர்மையாக்கிய படத்தைத் திரையில் நூறு சதவீதத்தில் பார்த்தால் விளிம்புகள் மொறமொறவென்று, கொஞ்சம் மிகையாகத் தெரியும். அது சரிதான். அங்குலத்துக்கு 300 என்றால் ஒரு பிக்சலின் அகலம் 0.085 மில்லிமீட்டர். ஒரு அடி தூரத்தில் வைத்துப் பார்க்கும் கண்ணால் பிரித்தறியக்கூடிய எல்லையே ஏறக்குறைய அவ்வளவுதான். திரையில் துருத்திக்கொண்டு தெரியும் ஒரு பிக்சல் வெள்ளைக் கோடு தாளில் கோடாகத் தெரியாது, கூர்மையாக மட்டும் தெரியும். அந்தக் கோடு மூன்று, நான்கு பிக்சல் அகலமானால்தான் தாளிலும் படத்தைச் சுற்றி ஒளிவட்டம் போலக் காட்டிக்கொடுக்கும். பாதி அளவில், ஐம்பது சதவீதத்தில் வைத்துப் பார்ப்பது அச்சுக்கு இன்னும் நெருக்கமான மதிப்பீடு.

ஒரே ஒரு பிரதி

திரையை எவ்வளவு அடக்கினாலும் அது ஒளி உமிழும் பொருள். கடைசிக் கொஞ்ச தூரத்தைத் தாளே சொல்ல வேண்டும். முழுப் புத்தகமும் ஆர்டர் செய்வதற்கு முன், அதே அச்சகத்தில், அதே தாளில், இருப்பதிலேயே சிறிய புத்தகம் ஒன்றைப் போடுங்கள். தனித்தாளில் சோதனை அச்சு தருவார்கள் என்றால் இன்னும் நல்லது. அதில் அந்த ஐந்து இருட்டுப் படங்களையும் மூன்று மூன்று தடவை வையுங்கள்: திருத்தியபடியே ஒன்று, 0.3 ஸ்டாப் வெளிச்சம் கூட்டி ஒன்று, 0.6 கூட்டி ஒன்று. எது எது என்று படத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் எழுதிவிடுங்கள். வந்த பிறகு எல்லாம் ஒன்றுபோல இருக்கும், ஞாபகம் வராது.

வந்ததும் ஜன்னல் அருகே பகலில் ஒரு முறை, இரவில் வீட்டு விளக்கில் ஒரு முறை பாருங்கள். பகலில் நடுப்படமும் இரவில் மூன்றாவது படமும் நன்றாக இருந்தால், புத்தகத்தை எப்போது அதிகம் புரட்டுவார்கள் என்று யோசித்து முடிவு செய்யுங்கள். என் மலைப் படத்துக்கு 0.3 தான் சரியாக இருந்தது. இரவு விளக்கில் பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வந்தேன்.

மேலங்கியின் மடிப்புகள் அந்தச் சோதனைப் பக்கத்தில் தெளிவாக வந்திருந்தன. அதே படத்தை ஆசையாக அட்டையிலும் போட்டிருந்தேன், அங்கே மடிப்புகள் மறுபடியும் மங்கிப்போயிருந்தன. அட்டையின் மேல் மேட் லேமினேஷன் ஒட்டுகிறார்கள், அதன் சொரசொரப்பு கறுப்பின் மேல் இன்னொரு வெள்ளைத் திரையைப் போடுகிறது. நான் வாங்கிய ப்ரொஃபைல் உள்பக்கத் தாளுக்கானது, அதில் இந்தக் கணக்கு இல்லை. அட்டைக்கு வெளிர்வானப் படம் ஒன்றை மாற்றி வைத்துவிட்டு, அதன் பிறகுதான் முழுப் புத்தகத்துக்கும் ஆர்டர் கொடுத்தேன்.